88 இலிருந்து 4க்கு இறங்கிவிட்டது. இப்படியே கொடுத்துவிடலாமா?

கடைசிபெஞ்ச்

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். புள்ளியியல் பாடத்துக்கு ஒரு சிறு ஆய்வறிக்கை, ஐந்து நாளில் கொடுக்க வேண்டும். தரவு நானே எடுத்தது. 40 பேருக்கு ஒரு பக்கம் படிக்கக் கொடுத்து, 20 மதிப்பெண்ணுக்குக் கேள்வி கேட்டேன். பாதிப் பேர் அமைதியான அறையில் படித்தார்கள், மீதிப் பேர் பாட்டு ஓடிக்கொண்டிருந்த அறையில். எண்களைச் சாட்பாட்டிடம் கொடுத்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி வாங்கினேன். டிடெக்டரில் போட்டால் 88 சதவீதம் ஏஐ என்றது. அப்புறம் ஒரு இலவச ரீரைட்டரில் இரண்டு முறை ஓட்டினேன். இப்போது 4 காட்டுகிறது.

இப்படியே கொடுத்துவிடலாமா, மூன்றாவது முறையும் ஓட்டலாமா?

பிட்டுபைட்டு

தாராளமாகக் கொடுங்கள். டிடெக்டர் என்பதே ஒரு குத்துமதிப்பு. ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் மூடிவிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தது. இது அவர்களே சொன்ன கணக்கு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டினின் ஏஐ டிடெக்டரை அணைத்தே வைத்துவிட்டது. 2022 இல் 75,000 கட்டுரைகள் வந்தன, ஒரு சதவீதம் தவறினாலும் 750 கட்டுரைகள் வீணாக மாட்டியிருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆக, 4 சதவீதத்தை வைத்து யாராலும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது.

அரைடிக்கெட்

எங்கள் துறையில் 10 சதவீதம் வரை விடுவார்கள். 4 எல்லாம் ஒரு கணக்கே இல்லை. மேற்கோள் பட்டியலைக் கழித்துவிட்டுப் பார்த்தீர்களா? சில சமயம் அதுதான் ஏற்றிவிடும். எனக்கு ஒருமுறை 23 வந்தது, பட்டியலை எடுத்ததும் 7 ஆகிவிட்டது.

மெய்ப்பு

அரைடிக்கெட், நீங்கள் சொல்வது ஒற்றுமைச் சதவீதம். வேறு எங்கோ இருக்கும் வரிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்ப்பது. அவர் கேட்பது ஏஐ சதவீதம். இரண்டும் ஒரே திரையில் வருவதால் பலர் இப்படிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நான் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை திருத்துபவன். இந்த ரீரைட்டர் வகையறாவை ஏஐ வருவதற்கு முன்பிருந்தே பார்த்துவருகிறேன். அப்போது காப்பியடித்ததை மறைக்கப் பயன்படுத்தினார்கள். அதைப் பிடித்ததும் எந்த டிடெக்டரும் இல்லை, படித்தவர்களின் கண்தான். 2021 இல் கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மாகசினோவ் மூன்று பேரும் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் விசித்திரமான சொற்றொடர்களைத் திரட்டினார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்', அதாவது கள்ளப் பிரக்ஞை. 'பிரெஸ்ட் கேன்சர்' இருக்க வேண்டிய இடத்தில் 'பூஸம் பெரில்'. நெஞ்சகத்து ஆபத்து! சித்திரவதைக்கு ஆளான சொற்றொடர்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எழுதியவர் ஒருமுறை வாசித்திருந்தால்கூட அந்தச் சொற்கள் தப்பியிருக்காது.

சிவப்புமை

கடைசிபெஞ்ச், நான் இதே பாடத்தைப் பல வருடங்களாக நடத்துபவள். உங்களுக்கு மதிப்பெண் போடப்போவது நான் இல்லை, அதனால் பயப்படாமல் ஒன்று செய்யுங்கள். முடிவுகள் என்ற பகுதியில் ஒரு பத்தியை, ரீரைட்டருக்கு முன்னும் பின்னும், இங்கே போடுங்கள். தமிழில் சொன்னாலும் போதும். கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் எப்படி வந்ததோ அப்படியே விடுங்கள்.

கடைசிபெஞ்ச்

சரி டீச்சர்.

முன்பு: 'பங்கேற்பாளர்களை இரு குழுக்களாக ராண்டமாகப் பிரித்தோம். அமைதிக் குழுவின் சராசரி 14.2, இசைக் குழுவின் சராசரி 12.4. வேறுபாட்டின் ஸ்டாண்டர்ட் எரர் 1.0. வேறுபாடு ஸ்டாட்டிஸ்டிக்கலாக சிக்னிஃபிகன்ட் இல்லை, p = 0.08.'

பின்பு: 'பங்கேற்பாளர்களை இரு கூட்டங்களாக ஹாப்ஹசார்டாகப் பிரித்தோம். அமைதிக் கூட்டம் சராசரியாக 14.2ம் இசைக் கூட்டம் 12.4ம் எட்டின. இந்த இடைவெளியின் யூஷுவல் மிஸ்டேக் 1.0. இரண்டு கூட்டங்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே செய்தன, p = 0.08.'

சிவப்புமை

நன்றி. இதில் ஒரு வரி கூட டிடெக்டரில் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் 'யூஷுவல் மிஸ்டேக்'. ஸ்டாண்டர்ட் எரர் என்பதற்கு வேறு பெயர் கிடையாது. வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்தவர் யாரும் அதை 'வழக்கமான தப்பு' என்று எழுதமாட்டார். ஆங்கிலம் சரளமாக வராத மாணவர்கள் வாக்கியத்தைத் தப்பாக எழுதுவார்கள், காலத்தைத் தப்பாகப் போடுவார்கள், ஆனால் கலைச்சொல்லை மட்டும் கரும்பலகையில் இருந்தபடியே எழுதுவார்கள். அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஆங்கிலமே அதுதான். உங்கள் பத்தியில் தலைகீழாக இருக்கிறது. இலக்கணம் வழுவழுவென்று இருக்கிறது, கலைச்சொல் உடைந்து கிடக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்று பாருங்கள். பல டிடெக்டர்கள் பார்ப்பது, அடுத்த சொல் எவ்வளவு எதிர்பார்த்தபடி வருகிறது என்பதைத்தான். 'ஸ்டாண்டர்ட்' என்றதும் 'எரர்' வந்தால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, எண் ஏறுகிறது. எண்ணை இறக்க வேண்டுமென்றால் ரீரைட்டர் எதிர்பாராத சொல்லைப் போட வேண்டும். ஆனால் கலைச்சொல்லுக்கு எதிர்பார்த்தபடி வருவதுதான் வேலையே. அதனால் 88 ஐ 4 ஆக்கியதில் ஒரு பங்கு, சரியான சொற்களைத் தவறான சொற்களாக மாற்றியதால் கிடைத்தது.

அடுத்தது கடைசி வாக்கியம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். 'சிக்னிஃபிகன்ட் இல்லை' என்பதை ரீரைட்டர் 'ஒன்றுபோலவே செய்தன' என்று மாற்றிவிட்டது. சாதாரணப் பேச்சில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அர்த்தம்தான். புள்ளியியலில் இல்லை. உங்கள் எண்களையே எடுங்கள். வேறுபாடு 1.8, ஸ்டாண்டர்ட் எரர் 1.0. 40 பேர், இரு குழு என்றால் 95 சதவீத இடைவெளிக்கு ஏறக்குறைய 2.02 ஆல் பெருக்க வேண்டும். 1.8 இலிருந்து 2.02 ஐக் கழித்தால் மைனஸ் 0.2, கூட்டினால் 3.8. அதாவது உண்மையான வேறுபாடு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், 20க்கு கிட்டத்தட்ட 4 மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். 4 மதிப்பெண் வித்தியாசத்தை விலக்க முடியாத ஒரு தரவை வைத்துக்கொண்டு 'ஒன்றுபோலவே' என்று எழுதினால் அது தப்பான முடிவு. சாட்பாட் எழுதிய வரி சரி. நீங்கள் மறைக்கப் போய் அதைத் தப்பாக்கிவிட்டீர்கள்.

நான் திருத்தினால் ஏஐ என்ற பேச்சையே எடுக்கமாட்டேன். இந்த இரண்டு இடத்திலும் மதிப்பெண் குறைப்பேன். அப்புறம் கூப்பிட்டு, இந்த வாக்கியத்தை எப்படி எழுதினீர்கள் என்று கேட்பேன்.

பிட்டுபைட்டு

டீச்சர், அது மட்டமான ரீரைட்டர். கலைச்சொற்களைப் பூட்டிவைத்துவிட்டு மற்றதை மட்டும் மாற்றும் கருவிகள் இருக்கின்றன. காசு கொடுத்தால் நன்றாகவே செய்யும். அப்போது என்ன சொல்வீர்கள்?

சிவப்புமை

நியாயமான கேள்வி. நல்ல கருவியில் 'யூஷுவல் மிஸ்டேக்' வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'சிக்னிஃபிகன்ட் இல்லை' என்பது ஒரு சொல் இல்லையே, ஒரு முடிவு. அதைப் பூட்ட வேண்டும் என்று தெரிய, அது ஏன் முக்கியம் என்று தெரிய வேண்டும். அது தெரிந்தவர் அந்தப் பத்தியைத் தானே நாலு வரியில் எழுதிவிடுவார். 'சிலரிடம்', 'பெரும்பாலும்', 'இந்தத் தரவில்' மாதிரி அடைமொழிகளையும் ரீரைட்டர்கள் சத்தமில்லாமல் உதிர்த்துவிடுகின்றன. நான் அட்டவணையையும் வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பேன். எண் ஒன்று சொல்லி எழுத்து வேறு சொன்னால் உடனே தெரியும்.

இன்னொன்று. நீங்கள் சோதித்த டிடெக்டரும் ஆசிரியர் பயன்படுத்தும் டிடெக்டரும் ஒன்று என்று யார் சொன்னது? ஒரு கருவியில் 4 என்றால் அந்தக் கருவியில், அன்றைக்கு 4. டர்னிட்டின் 2025 இல் இப்படி மாற்றி எழுதும் கருவிகளின் தடத்தைத் தேடும் வசதியையே தனியாகச் சேர்த்தது. அதுவும் தவறும், அது வேறு பேச்சு. ஆனால் அது தவறாமல் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஏஐயிடம் உதவி கேட்டதை முன்பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் ஏற்கும் பாடங்கள் இருக்கின்றன. ஏற்காத இடத்திலும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல இடமுண்டு. மறைப்பதற்கென்றே ஒரு கருவியில் ஓட்டிய பிறகு அந்த இடம் போய்விடுகிறது.

நிலாச்சோறு

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் ஒரு வரி கூட ஏஐயில் எழுதவில்லை. முழுக்க என் கைப்பட எழுதிய கட்டுரை. டிடெக்டர் 71 காட்டியது. கூப்பிட்டுக் கேட்டபோது வாயே வரவில்லை. ஆங்கிலம் எனக்குப் பள்ளியில் மனப்பாடமாக வந்த மொழி, தெரிந்த பத்து வாக்கிய அமைப்பைத்தான் திருப்பித் திருப்பிப் போடுவேன். அதுதான் இயந்திரம் மாதிரி தெரிகிறதாம்.

பிறகு தேடிப் படித்தேன். 2023 இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டிருக்கிறார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் ஏஐ எழுதியவை என்று வந்திருக்கிறது. எல்லாம் மனிதர்கள் எழுதியவை.

வெட்கத்தோடு சொல்கிறேன், அதற்கு அடுத்த கட்டுரையை நானே எழுதிவிட்டு ரீரைட்டரில் ஓட்டினேன். எண் இறங்கட்டும் என்று. என் சொந்தக் கட்டுரையை நானே கெடுத்துக் கொடுத்தேன். மதிப்பெண்ணும் குறைந்தது. நான் செய்ததைத் தப்பு என்று சொல்வீர்களா டீச்சர்?

சிவப்புமை

தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணைக் காட்டி உங்களைக் கூப்பிட்டவர் செய்ததுதான் முதல் தப்பு. அந்த முதல் கட்டுரையில் எப்படித் தப்பித்தீர்கள்?

நிலாச்சோறு

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தேன். பதிப்பு வரலாற்றைத் திறந்து காட்டினேன். ஒன்பது நாள். மூன்றாம் நாள் முன்னுரையை முழுக்க அழித்திருக்கிறேன். ஐந்தாம் நாள் ஒரு மேற்கோளின் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டு அடுத்த நாள் திருத்தியிருக்கிறேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

பிட்டுபைட்டு

வேர்டிலும் தடம் இருக்கிறது. docx கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப். உள்ளே எத்தனை நிமிடம் திருத்தப்பட்டது என்ற கணக்கு இருக்கும்.

```
unzip -p report.docx docProps/app.xml
```

இதில் `TotalTime` என்று வருவது நிமிடங்கள். 2,000 சொல் அறிக்கையில் அது 3 என்று இருந்தால் ஒட்டியது என்று அர்த்தம். கடைசிபெஞ்ச், கொடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெய்ப்பு

அப்படி முடிவுகட்ட முடியாது நண்பரே. நான் தினமும் ஒரு கோப்பில் எழுதி, கடைசியில் புதுக் கோப்பில் ஒட்டி அனுப்புகிறவன். என் கோப்புகளில் எல்லாம் 2, 3 என்றுதான் இருக்கும். தாளில் எழுதிவிட்டு ஒரே மூச்சில் தட்டச்சு செய்பவர்களும் உண்டு.

அதைவிட மேற்கோள் பட்டியலைப் பாருங்கள் என்பேன். பட்டியலையும் சேர்த்து ரீரைட்டரில் ஓட்டிவிடுகிறார்கள். கட்டுரைத் தலைப்பே வேறு சொற்களில் மாறிவிடுகிறது. தேடினால் அப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே இருக்காது. சாட்பாட் இட்டுக்கட்டிய மேற்கோளா, உண்மையான மேற்கோளை ரீரைட்டர் சிதைத்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் ஒன்றுதான், திருப்பி அனுப்பிவிடுவேன்.

கடைசிபெஞ்ச்

இப்போதுதான் என் பட்டியலைப் பார்த்தேன். ஆறில் இரண்டு தலைப்பு மாறியிருக்கிறது. ஓர் ஆசிரியரின் பெயரில் 'யங்' என்று இருந்ததை 'யூத்ஃபுல்' ஆக்கி வைத்திருக்கிறது.

மெய்ப்பு

அவருக்கு வயது குறைந்ததில் சந்தோஷம்தான்.

நிலாச்சோறு

ஒன்று கேட்க வேண்டும். பதிப்பு வரலாறு என்னைக் காப்பாற்றியது, உண்மை. ஆனால் இனி எல்லோரும் வரலாற்றைக் காட்டு என்றால் அதுவும் ஒரு காவல்தானே? என் அழித்தலும் திருத்தலும் யார் பார்வைக்கும் எழுதியது இல்லை. என் தங்கை நோட்டில்தான் எழுதுவாள். அவளிடம் என்ன இருக்கிறது காட்ட?

சிவப்புமை

நோட்டு இருக்கிறதே, அது போதும் எனக்கு. ஆனால் உங்கள் கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை, தெரியும். நானே இதில் இரண்டு மனதாக இருக்கிறேன். வரலாற்றை எல்லோரிடமும் கேட்பதில்லை. பாதியில் ஒரு நாள் ஒரு பக்க வரைவை மட்டும் எல்லோரிடமும் வாங்குவேன், மதிப்பெண் கிடையாது. கடைசி அறிக்கை அதிலிருந்து எப்படி வந்தது என்று பார்க்கலாம். வரைவில் ஓர் எண்ணம் முட்டி நின்றிருக்கும், அறிக்கையில் அது வேறு வழியில் போயிருக்கும். அந்த மாற்றத்தைத்தான் தேடுகிறேன்.

சந்தேகம் வந்தால் ஐந்து நிமிடம் பேசுவேன். மனப்பாடக் கேள்வி கேட்கமாட்டேன். 'அட்டவணையில் உங்களுக்கே ஆச்சரியமாக இருந்த எண் எது?', 'இதைத் திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர்கள்?' இவ்வளவுதான். வேலை செய்தவர்கள் இதற்குத் தடுமாறினாலும் ஏதாவது குறிப்பாகச் சொல்வார்கள், அறையில் மின்விசிறி சத்தம் போட்டது என்பது மாதிரி.

பிட்டுபைட்டு

60 பேர் வகுப்பில் ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். 200 பேர் இருந்தால்? அதனால்தானே டிடெக்டரை வாங்கிப் போடுகிறார்கள். நீங்கள் சொல்வது சின்ன வகுப்புக்கு மட்டும்தான் நடக்கும் டீச்சர்.

நிலாச்சோறு

பேச்சு வராதவர்களும் இருக்கிறார்கள். அன்று என்னிடம் வரலாறு இல்லாமல் ஐந்து நிமிடப் பேச்சு மட்டும் இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன்.

சிவப்புமை

இரண்டும் உண்மை. பேச வராதவர்களுக்கு எழுதித்தரச் சொல்வேன், ஆனால் 200 பேருக்கு என்னிடம் வழி இல்லை.

கடைசிபெஞ்ச், உங்கள் அறிக்கைக்கு வருவோம். முதல் வரியை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். 'ராண்டமாகப் பிரித்தோம்' என்று சாட்பாட் எழுதியிருக்கிறது. நீங்கள் 40 பேரை இரண்டு அறைக்கும் எப்படிப் பிரித்தீர்கள்? சீட்டுக் குலுக்கினீர்களா?

கடைசிபெஞ்ச்

இல்லை டீச்சர். முதலில் வந்த 20 பேரை அமைதியான அறைக்கு அனுப்பினேன். அப்புறம் வந்தவர்களைப் பாட்டு அறைக்கு.

சிவப்புமை

அதை அதனிடம் சொன்னீர்களா?

கடைசிபெஞ்ச்

இல்லை. எண்களை மட்டும்தான் கொடுத்தேன். அது தானாக ராண்டம் என்று எழுதிக்கொண்டது. நானும் அது வழக்கமான வரி என்று விட்டுவிட்டேன்.

சிவப்புமை

அப்படியென்றால் அது ராண்டம் இல்லை. நேரத்துக்கு வருகிறவர்கள் பொதுவாகவே கவனமாகப் படிப்பவர்களாக இருக்கலாம். அமைதிக் குழு 1.8 மதிப்பெண் கூட எடுத்ததற்கு அறைதான் காரணமா, ஆட்கள் காரணமா என்று உங்கள் தரவை வைத்துச் சொல்ல முடியாது.

மெய்ப்பு

ஒரு நிமிடம். ரீரைட்டர் 'ஹாப்ஹசார்டாக' என்று மாற்றியதே, ஏனோதானோவென்று. அப்போது அதுதானே சரி?

சிவப்புமை

ஆமாம், சிரிப்பாகத்தான் இருக்கிறது. முழு அறிக்கையிலும் அது ஒரு சொல்லை மட்டும் குருட்டாம்போக்கில் உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறது. மூன்றாவது முறை ஓட்டியிருந்தால் அதையும் மாற்றியிருக்கும்.

கடைசிபெஞ்ச்

டீச்சர், வந்த வரிசையில் பிரித்தேன் என்று அப்படியே எழுதினால் மதிப்பெண் போய்விடாதா?

சிவப்புமை

வடிவமைப்புக்குக் கொஞ்சம் போகும். குறைபாடுகள் என்ற பகுதியில் அதை விளக்கினால் நான் அதில் பாதியைத் திருப்பித் தருவேன், உங்கள் ஆசிரியர் எப்படி என்று தெரியாது. சாட்பாட்டைப் பயன்படுத்தியதை எழுதலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள், கொடுப்பதற்கு முன்பே. ஐந்து நாள் இருக்கிறது. யார் எப்போது வந்தார்கள் என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

கடைசிபெஞ்ச்

வருகைத் தாள் இருக்கிறது. கையெழுத்துப் பக்கத்தில் நேரமும் போட்டிருக்கிறார்கள். வரிசை எண் 20க்கும் 21க்கும் நடுவில் 25 நிமிடம் இடைவெளி. இதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அரைடிக்கெட்

நண்பர்களே, அந்த ஒற்றுமைச் சதவீதத்தில் மேற்கோள் பட்டியலைக் கழிப்பது எந்த மெனுவில் இருக்கிறது? போன தடவை துறையில் ஒருவர் செய்து கொடுத்தார், அவர் மாறிப் போய்விட்டார்.